பாதி கழுவிய சுவர்

அவரை எல்லோரும் சல்லடை என்றே சொல்வார்கள். முகத்துக்கு நேராக மட்டும் ஒரு 'அக்கா' சேர்ந்துகொள்ளும். பால்காரர் பாக்கெட்டை நீட்டினால் தேதியைப் பார்ப்பார். பார்த்த பிறகு அந்தத் தேதியை அச்சடித்தவரின் நாணயத்தைப் பற்றி யோசிப்பார். மருத்துவர் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொன்ன அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அவருடைய தம்பி சொல்வார். ஒன்றுமில்லாததை மருத்துவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்லவேண்டும்?

தொழில், கடைச் சரக்குகளைப் படம் எடுப்பது. சோப்பு, டப்பா, புட்டி, பொட்டலம். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். "மனுஷங்க கேமராவைப் பாத்ததும் சிரிக்கிறாங்க. சோப்பு அப்படி நடிக்காது" என்பார். இதைச் சொல்ல அவருக்கு இருந்த தகுதி கொஞ்சம் விசித்திரமானது. சோப்பை நடிக்க வைத்தே பிழைப்பைத் தொடங்கியவர் அவர்.

இருபது வயதில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் அவருக்குக் கிடைத்த வேலை, கறை போடுவது. காப்பித்தூளையும் பசையையும் குழைத்து அடுப்பு மேடையில் தடவினால் பத்து வருஷ எண்ணெய்ப் பிசுக்கு பத்து நிமிஷத்தில் வந்துவிடும். அதை மங்கலான மஞ்சள் விளக்கில் ஒரு படம். பிறகு அந்த மேடையையே தூக்கி வெளியே வைத்துவிட்டு, புது மேடையை வைத்து, வெள்ளை விளக்கில் இன்னொரு படம். இரண்டையும் ஒட்டி நடுவில் ஒரு கோடு கிழித்தால் 'முன்', 'பின்' தயார். "கறை போடுறதுல அவங்களை அடிச்சிக்க ஆளில்ல" என்று அந்த ஸ்டூடியோவில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்களாம். ஒன்பது வருஷம் இப்படி ஊரை ஏமாற்றியவர், வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியதும், ஊர் தன்னை ஏமாற்றிவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தார். ஒழுக்கம் சிலருக்கு இந்த வழியாகவும் வந்து சேர்கிறது.

பாட்டில்காரர் அவரிடம் வந்தது இந்த ஒழுக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான். குளியலறைச் சுவரில் படியும் உப்புக்கறையை எடுக்கும் ஒரு திரவத்தைச் சிறிய பட்டறையில் காய்ச்சி, புட்டியில் அடைத்து விற்கிறவர். வரும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது.

"அக்கா, என் சரக்கு நல்ல சரக்கு. படம்தான் கெடுத்துடுச்சு."

முந்தைய லேபிளில் வேறொரு ஸ்டூடியோக்காரர் போட்ட படத்தைக் காட்டினார். இடப்பக்கம் இடிந்த கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது, வலப்பக்கம் நிலா. வாங்கிப் போனவர்கள் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கறை போயிருக்கிறது, நிலா உதிக்கவில்லை. சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பாதிப் புட்டியோடு கடைக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். ஏழெட்டுக் கிளைகள் உள்ள அந்தக் கடையில் எந்தச் சரக்கை வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரி, ஒரே நாளில் எல்லா அலமாரியிலிருந்தும் புட்டிகளை இறக்கிவிட்டார்.

"திரும்ப ஏத்தணும்னா மூணு கண்டிஷன் போட்டிருக்காரு. புதுப் படம் வேணும். படம் எடுத்தவங்க 'இதுல எந்த ஏமாத்தும் இல்ல'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அப்புறம் அவரே கடையோட பாத்ரூம்ல அடிச்சிப் பாப்பாராம். படத்துல இருக்கறதைவிட அங்க கொஞ்சம் கொறஞ்சாலும் அதோட முடிஞ்சுது. அந்தக் கடையை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லக்கா."

"வித்தியாசமே தெரியாத படம் குடுத்தா?"

"அப்ப எவன் வாங்குவான்?"

சல்லடைக்கு அந்த அதிகாரியை அப்போதே பிடித்துப்போய்விட்டது. கையெழுத்து என்ற சொல்தான் நெஞ்சில் கொஞ்சம் நெருடியது. முப்பது வருஷத்தில் எந்தப் படத்துக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

பாட்டில்காரர் கையோடு ஒரு பலகையில் நான்கு டைல் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கறை. சல்லடை அதை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார்.

"சுண்ணாம்பு. நேத்து பூசினது. எங்கிட்டயேவா?"

பாட்டில்காரர் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

நிஜக் கறைக்கு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தம்பி வீட்டுக் குளியலறையில் எட்டு வருஷமாக உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. தம்பி மனைவிக்கு இதைக் கேட்டதும் ஆனந்தம். எட்டு வருஷமாகத் தேய்த்துத் தோற்ற சுவரை யாரோ வந்து சும்மா கழுவித் தருகிறார்கள். பாதியை மட்டும்தான் கழுவுவார்கள் என்பது படப்பிடிப்பு அன்று காலையில்தான் அவருக்குத் தெரிந்தது.

"என்ன அண்ணி இது, பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் வச்ச மாதிரி? மிச்சத்தை யாரு கழுவுவா?"

"கடைக்காரர் படத்தை ஒத்துக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீயும்தான்."

"அதுவரைக்கும் நாங்க எந்தப் பக்கம் நின்னு குளிக்கறது?"

வேலையில் சல்லடை ஒரு பழுதும் வைக்கவில்லை. மூன்று அட்டைப்பெட்டிச் சரக்கைக் கொண்டுவரச் சொல்லி, நடுப்பெட்டியின் அடிவரிசையிலிருந்து ஒரு புட்டியைத் தானே உருவினார். தனியாகக் காய்ச்சிய வீரியமான புட்டியை நீட்டிவிடக்கூடாதே. சுவர் முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தார். தூசி போவதை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது. சுவரின் நடுவில் மேலிருந்து கீழாகக் காகித டேப்பை ஒட்டி, இடப்பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கினார். வலப்பக்கம் வாளி வைக்கும் மூலையில்தான் விளக்கு நிற்க இடமிருந்தது, அங்கே நிறுத்தினார். வெளிச்ச அளவு, நிற அளவு எல்லாவற்றையும் கையால் பூட்டினார்; கேமராவைத் தன்னிஷ்டத்துக்கு விட்டால் அதுவும் அழகுபடுத்தும். தாளை ஒரு நிமிஷம் விலக்கி, சட்டகம் சரியா என்று பார்க்கக் கழுவாத சுவரை ஒரு படம் எடுத்தார். அதை உற்றுப் பார்க்கவில்லை. பிறகு புட்டியில் எழுதியிருந்தபடியே: தெளி, பத்து நிமிஷம் விடு, பிரஷ்ஷால் தேய், தண்ணீர் ஊற்று. பத்து நிமிஷத்துக்குச் சமையலறைக் கடிகாரத்தை வைத்தார். பாட்டில்காரர் பிரஷ்ஷை வாங்கியபோது, "மெதுவா. வீட்டுல தேய்க்கறவங்களுக்கு உங்க கை கிடையாது" என்றார்.

பிறகு காய ஒன்றரை மணி நேரம். ஈரச் சுவரில் உப்புக்கறை ஒளிந்துகொள்ளும். காய்ந்த பிறகுதான் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். பழைய ஸ்டூடியோவில் 'பின்' படங்களை ஈரத்தோடு எடுத்ததற்குக் காரணமே அதுதான். அந்த இடைவெளியில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பாட்டில்காரர் நடுவில் எழுந்து, கை கழுவ வேண்டும் என்று நாலு நிமிஷம் உள்ளே போனார். தம்பி மனைவி துண்டு எடுக்க ஒருமுறை போனார். சல்லடை இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டார்.

டேப்பை உரித்ததும் கோடு நேராக வந்தது. இடப்பக்கம் வெளிறிய திட்டுகள், சொட்டுத் தடங்கள். வலப்பக்கம் சுத்தம், ஆனால் டைல் இடுக்குகள் சாம்பலாகவே இருந்தன, மேலே நாலைந்து புள்ளிகள் போகவில்லை. படம் எடுத்தார். ஒரே சுவர், ஒரே நொடி, ஒரே படம். பொய் நுழைய ஓட்டையே இல்லை என்று பாட்டில்காரரிடம் சொல்லவும் சொன்னார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது. நேற்றுக் கண்ணால் பார்த்தது நல்ல சுத்தம். இது புதுச் சுவர். இடுக்குகள்கூட வெளுத்திருந்தன. அந்த நாலைந்து புள்ளிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வேறு யாராவது இருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படத்தை அனுப்பியிருப்பார்கள். சல்லடை போனை எடுத்தார்.

"கை கழுவப் போனீங்களே, நாலு நிமிஷம். எந்தக் கையை?"

"ரெண்டு கையையும்தான்க்கா."

"உள்ள இன்னொரு தடவை அடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லக்கா! படம் நல்லா வரலியா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் பிரச்சினை."

"நல்லா வந்ததுக்குத் திட்டு வாங்கறவன் நான் ஒருத்தன்தான்" என்று பாட்டில்காரர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து தம்பி வீடு. வாசலிலேயே ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லு. படம் எடுக்கறதுக்கு முந்தின நாள் வலப்பக்கத்தைக் கம்பி நார் வச்சுத் தேய்ச்சியா? வீட்டுக்கு ஆளுங்க வராங்கன்னு?"

தம்பி மனைவி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"எட்டு வருஷமா தேய்க்கறேன் அண்ணி. போகல. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் மட்டும் போயிடுச்சாக்கும்?"

"அப்ப துண்டு எடுக்கப் போனியே..."

"துண்டு எடுக்கத்தான் போனேன்! எங்க வீட்டுல, எங்க பாத்ரூம்ல, எங்க துண்டு! அதுக்கும் உங்ககிட்ட ரசீது வாங்கணுமா?"

தம்பி செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். திருமணமான ஆண்கள் பொதுவாக உலக நடப்பில் ஆர்வம் காட்டும் நேரம் இதுதான்.

சல்லடை வீட்டுக்குத் திரும்பினார். சாட்சிக்காக மட்டும், கழுவுவதற்கு முன் சட்டகம் பார்க்க எடுத்த அந்தப் படத்தைத் திறந்தார். தம்பி மனைவியின் கம்பி நார்த் தடத்தை அதில் பிடித்துவிடலாம் என்பது திட்டம். பிடிபட்டது வேறு. துளி மருந்து படாத அந்தச் சுவரின் வலப்பாதி, அப்போதே பாதி கழுவியதுபோல் வெளுத்திருந்தது. இடப்பாதி இருண்டிருந்தது. நடுவில் கோட்டுக்கு டேப்பும் இருந்தது. அதையே லேபிளில் அச்சடித்திருக்கலாம்.

விளக்கு. வாளி மூலையில் நின்ற விளக்கு. அதற்குப் பக்கத்தில் இருந்த பாதிக்கு வெளிச்சம் கொட்டியது, பளபளப்பான டைல் அதைத் திருப்பியும் அடித்தது. தள்ளியிருந்த பாதிக்கு மிச்சம்தான் போய்ச் சேர்ந்தது. வீட்டில் கண் இதைத் தானே சரிசெய்துகொண்டுவிடும். கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பழைய ஸ்டூடியோவில் இரண்டு படம், இரண்டு விளக்கு வைத்து வேண்டுமென்றே செய்த வேலையை, இப்போது ஒரே படத்தில், ஒரே விளக்கில், முழு நேர்மையோடு செய்திருந்தார். புட்டியைச் சந்தேகித்தார், கையைச் சந்தேகித்தார், துண்டைச் சந்தேகித்தார். தான் நிறுத்திய விளக்கைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

பரவாயில்லை, சுவர் அப்படியே இருக்கிறது. விளக்கை மாற்றி மறுபடி எடுத்தால் போதும் என்று மூச்சு விட்டு, தம்பி வீட்டுக்குப் போன் செய்தார்.

"அண்ணி, எதுக்கும் சொல்லிடறேன். மிச்சப் பாதியையும் நான் கழுவிட்டேன். நீங்க விட்டுப்போன புட்டியாலதான். இன்னைக்கு நீங்க திட்டிட்டுப் போன அடுத்த நிமிஷமே."

"நான் தொடாதேன்னு சொன்னேனே!"

"கம்பி நார்க்காரிதானே நான், கை சும்மா இருக்கல."

முப்பது வருஷத்தில் முதல்முறையாகச் சல்லடை யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் படத்தோடு வரச் சொல்லியிருந்த அதிகாரி கடையில் காத்திருப்பார். முன், பின் இரண்டில் முன் போய்விட்டது.

அன்று மாலை தம்பி வீட்டுக் குளியலறையில் பாட்டில்காரரையும் சேர்த்து மூவரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சல்லடை சொன்னார்: "தப்பு லைட்டுல. லைட்டை வச்சது நான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. இங்க சத்தம் எதிரொலிக்குது, சரியாக் கேக்கல."

சொன்னார். பாட்டில்காரரைப் பார்த்தும் ஒரு தடவை சொன்னார். அவர் பெருந்தன்மையாக, "கை கழுவினதுக்கு இப்பவாவது விடுதலையா?" என்று கேட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கதவுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சுவர்தான். அங்கே தண்ணீர் கொஞ்சமாகத்தான் தெறிக்கும், கறையும் பாதிதான். மறுபடி துணி, டேப், தாள், பத்து நிமிஷம். இந்த முறை விளக்கை உயரமாகத் தூக்கி, டேப் ஒட்டிய கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தினார், இரண்டு பாதிக்கும் ஒரே தூரம். சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து கீழே வெளிச்சம் இறங்கியதில் உப்பின் சொரசொரப்பு மணல்போல எழுந்து நின்றது. வெளிச்சத்தை ஒப்பிட ஒரு சாம்பல் அட்டையை இடப்பக்கம் ஒட்டி ஒரு படம், வலப்பக்கம் ஒட்டி ஒரு படம். இரண்டிலும் அட்டை ஒரே சாம்பலாக வரும்வரை விளக்கை விரலளவு நகர்த்திக்கொண்டே இருந்தார். கழுவாத சுவரைத் தனியாக ஒரு படம் எடுத்து, இம்முறை உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாதியும் ஒரேபோல அழுக்காக இருந்ததைக் கண்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைத் தம்பி மனைவி அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

கழுவி, காயவைத்து எடுத்த படத்தை மடிக்கணினியில் காட்டினார். பாட்டில்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"இடுக்கு கறுப்பாவே இருக்கேக்கா."

"உங்க மருந்துக்கு அது போகலியே."

"இந்த மூணு புள்ளி? அதை மட்டும் தொடச்சி எடுத்துடலாமே. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷம்."

"எடுக்கலாம். அப்புறம் கையெழுத்தை நீங்க போடுங்க."

"பளிச்சினு இல்லியே..."

"தள்ளி நின்னு பாருங்க." அவரைக் கூடத்தின் மறுகோடிக்கு அனுப்பினார். "எது கழுவினதுன்னு தெரியுதா?"

"வலப்பக்கம். நல்லாவே தெரியுது."

"அவ்வளவுதான் வேணும்."

கடிதத்தில் நாலு வரி: ஒரே சுவர், ஒரே படம், புட்டியில் எழுதியபடி ஒரே ஒருமுறை பயன்படுத்தியது, கம்ப்யூட்டரில் எதையும் திருத்தவில்லை. கையெழுத்துப் போடும் முன் அதை இரண்டு தடவை படித்தார், வேறு யாரோ தன்னை ஏமாற்ற எழுதியதுபோல.

அதிகாரி ஒல்லியான மனிதர். வணக்கத்தைக்கூட எடைபோட்டே ஏற்றுக்கொண்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், அந்த மூன்று புள்ளிகளின்மேல் விரலை வைத்தார்.

"இதை ஏன் விட்டுவச்சீங்க?"

"போகல."

"இடுக்கு?"

"அதுவும் போகல."

"எனக்கு இதான் சந்தேகமா இருக்கு" என்றார் அதிகாரி. "வேணும்னே கொஞ்சம் அழுக்கு விட்டிருக்கீங்களோ, நம்பணும்னு?"

சல்லடை அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். இந்தக் கோணம் தனக்கே தோன்றவில்லை. கழுவாத சுவரின் படத்தையும், சாம்பல் அட்டைப் படங்கள் இரண்டையும் எடுத்து மேசையில் பரப்பினார். அதிகாரி அவற்றையும் சலித்தார். பிறகு எழுந்து, கடை ஊழியர்களின் குளியலறைக்குத் தானே புட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடிகாரம் பார்த்தார். பத்து நிமிஷமும் வாசலை விட்டு நகரவில்லை. பாட்டில்காரர் நடைவழியில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, அது அலமாரியிலிருந்து இறக்கிய தன் புட்டிப் பெட்டி என்று பார்த்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

சுவர் காய்ந்ததும் அதிகாரி படத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கறை போயிருந்தது. இடுக்குகள் சாம்பலாகவே நின்றன. புள்ளிகள் நாலு.

"படத்துல மூணு. இங்க நாலு" என்றார்.

பாட்டில்காரர் நடைவழியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒரு புள்ளியை நான் மன்னிக்கறேன்." அதிகாரி படத்தின் பின்பக்கம் தேதி போட்டார். "எல்லாக் கிளையிலயும் வைங்க. கீழ்த்தட்டு. ஆறு மாசம் பாப்போம். ஒரு புட்டி திரும்பி வந்தாலும் இந்தக் கடிதம் எங்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் சல்லடை. வெளியே வந்ததும் பாட்டில்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். சல்லடை காதில் வாங்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் காய்ச்சும் முறையை மாற்றிவிட்டால் கையெழுத்து யாருடையது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு மாதம் ஒருமுறை சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்று அங்கேயே சொல்லியும் விட்டார். பாட்டில்காரரின் சிரிப்பு அதோடு நின்றது.

தம்பி வீட்டில் கதவுக்குப் பின்னால் அந்தத் துண்டுச் சுவர் இன்னும் பாதியாகத்தான் இருந்தது. தம்பி மனைவி அதைக் கழுவ மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சல்லடை புட்டியோடு போய், தெளித்து, கடிகாரம் வைத்து, குந்தி உட்கார்ந்து தேய்த்தார். தம்பி மனைவி ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, அந்த மூலை."

"அது நிழல்."

"நிழலா, அழுக்கா? லைட்டை இப்படிக் கொண்டு வந்து பாத்துடலாமா?"

சல்லடை மூலையை இன்னொரு தடவை தேய்த்தார். தேய்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, தம்பி மனைவி போனில் அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கழுவும் முன் எடுத்த ஒன்றும் அதில் இருந்தது.